பெயர்க் கொக்கியா, குட்டிக் கதையா?

ஒப்பந்தச் சட்டத் தாளுக்கு முந்தின வாரம், வழக்குகளை நினைவில் வைப்பதில் எங்கள் ஹாஸ்டலில் இரண்டு கட்சி. ஒரு கட்சி வழக்கின் பெயரை உடைத்துச் சொல்விளையாட்டாக்கும். இன்னொன்று நடந்த சம்பவத்தையே குட்டிக் கதையாகச் சொல்லிப் பார்க்கும்.

பெயரை உடைப்பது வேகமான வேலை. 'பால்ஃபர்' என்றால் மனைவிக்குப் பால் வாங்கக் கொடுக்கும் பணம். வீட்டுச் செலவுப் பேச்சு ஒப்பந்தம் ஆகாது. 'லால்மன்' என்றால் லால் மனசில் பரிசே இல்லை. அறிவிப்பு தெரியாமல் வேலையை முடித்தவர் பரிசைக் கேட்க முடியாது. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இது தாராளம்.

ஆனால் கேள்வித்தாளில் ஒரு கணவன், பிரிந்துபோனபின் மனைவிக்கு மாதாமாதம் பணம் தருவதாக எழுதிக் கொடுக்கிறான் என்று வையுங்கள். கணவன், மனைவி, பணம் மூன்றையும் பார்த்ததும் பால் கொக்கி 'செல்லாது' என்று துள்ளும். மதிப்பெண் போச்சு.

கதைக்காரர் தப்பித்துவிடுவார். பால்ஃபர் இலங்கையில் அரசுப் பணியில் இருந்தவர். 1915இல் விடுப்பில் மனைவியோடு இங்கிலாந்து போனார். திரும்பும் நேரத்தில் மனைவிக்கு உடம்பு சரியில்லை, டாக்டர் அங்கேயே இருக்கச் சொன்னார். மாதம் 30 பவுண்டு தருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அப்போது இருவருக்கும் பிணக்கு இல்லை. பிரிவு பிறகுதான் வந்தது. சட்டப்படி கட்டுப்படும் எண்ணத்தில் சொன்ன வாக்கு அல்ல என்று 1919இல் மனைவியின் வழக்கு தோற்றது.

இதன் பக்கத்தில் 1970இன் மெரிட் வழக்கை வையுங்கள். கணவர் ஏற்கெனவே வேறொரு பெண்ணோடு போய்விட்டார். பேச்சு காருக்குள் நடக்கிறது: மாதம் 40 பவுண்டு, வீட்டுக் கடன் அடைந்ததும் வீடு மனைவி பெயருக்கு. எழுதிக் கொடுக்கும்வரை அந்த அம்மா காரை விட்டு இறங்கவில்லை. வென்றார். 'சேர்ந்திருந்தபோது, பிரிந்தபின்' என்ற ஒரே மடிப்பில் இரண்டு தீர்ப்பும் பிரிகின்றன.

கதைக்கும் ஒரு வியாதி உண்டு: சொல்லச் சொல்லக் கைகால் முளைக்கும். லால்மன் வழக்கை நான் 'பாவம், வேலைக்காரன் என்பதால் 501 ரூபாய் பரிசை மறுத்துவிட்டார்கள்' என்றே நெடுநாள் சொல்லித் திரிந்தேன். காணாமல்போன பையனைத் தேட அவர் ஹரித்வாருக்குக் கிளம்பிய பிறகுதான் பரிசு நோட்டீஸ் வெளியானது என்ற வரிசையே என் கதையில் இல்லை. ஏற்கெனவே வேலைக் கடமையில் போனவர் என்பதும் தீர்ப்பில் வருகிறதுதான். ஆனால் தேர்வில் அந்த வழக்கை எழுதுவது அறிவிப்பு தெரியாததற்காக. அப்புறம் ஒரு சோதனை வைத்துக்கொண்டேன்: ஒரு விவரத்தை மாற்றினால் தீர்ப்பு ஆட்டம் காண வேண்டும். ஊர் ஹரித்வாருக்குப் பதில் காசி என்றால் ஒன்றும் ஆகாது. நோட்டீஸைப் படித்துவிட்டுக் கிளம்பினார் என்றால் வாதமே மாறும்.

என் ஓட்டு கதைக்கே. ஆனால் தேர்வறையில் சம்பவம் முழுக்க வந்து நின்று பெயர் மட்டும் தொண்டையில் சிக்கும்போது, 'மனசில் பரிசே இல்லை' என்ற அந்த அசட்டுச் சிலேடைதான் லால்மனை இழுத்து வந்தது.