வில்ஹெல்மி தகட்டுக் கருவியும் கிப்ஸ் சமன்பாடும்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சோப்புக் கரைசலின் மேற்பரப்பில் மூலக்கூறுகள் எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பதை அறிய, எங்கள் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக, கரைசலைத் தொடும் மெல்லிய தகட்டைப் பரப்பு கீழே இழுக்கும் விசையை அளக்கும் வில்ஹெல்மி தகட்டுக் கருவியையே பயன்படுத்தி வருகிறேன். கருவி அளப்பது பரப்பு இழுவிசையை மட்டும்தான். செறிவு மாறும்போது அது எப்படி மாறுகிறது என்பதிலிருந்து, பரப்பு மிகையை, அதாவது ஒரு சதுர மீட்டர் பரப்பில் கூடுதலாகச் சேர்ந்திருக்கும் மோல்களின் அளவை, கிப்ஸ் சமன்பாடு தருகிறது. இதில் Γ பரப்பு மிகை, γ பரப்பு இழுவிசை, c செறிவு, R வாயு மாறிலி, T கெல்வின் வெப்பநிலை, n செறிவோடு சேர்ந்து மாறிப் பரப்புக்கு வரும் அயனி வகைகளின் எண்ணிக்கை:

Γ = −(1/nRT) · dγ/d ln c

சோப்பைப் போலச் செயல்படும் சோடியம் டோடெசில் சல்பேட்டை எடுத்துக்கொள்வோம். 25 டிகிரி செல்சியஸில், தூய மாதிரியின் இழுவிசை 4 மில்லிமோலாரில் ஏறத்தாழ 50 மில்லிநியூட்டன்/மீட்டர். 8 மில்லிமோலாரில் ஏறத்தாழ 39. செறிவு இரட்டிக்கும்போது ln c 0.693 கூடுகிறது, ஆகவே சரிவு சுமார் −15.9. RT 2479 ஜூல்/மோல். உப்புச் சேர்க்காத கரைசலில் டோடெசில் சல்பேட் அயனியோடு சோடியம் அயனியும் பரப்புக்கு வருவதால் n = 2. விடை, சதுர மீட்டருக்கு 3.2 × 10⁻⁶ மோல். அதாவது ஒரு மூலக்கூறுக்கு ஏறத்தாழ 0.52 சதுர நானோமீட்டர் இடம்.

இந்த n மிக முக்கியம். 0.1 மோலார் சோடியம் குளோரைடு சேர்த்துவிட்டால் சோடியத்தின் செறிவு ஏறக்குறைய மாறாமல் நிற்கும்; அப்போது n = 1. n-இன் எந்த மதிப்பைப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லாமல் வெளியிடப்படும் பரப்பு மிகையை நான் நம்புவதே இல்லை.

கருவி குறித்து எனக்குக் குறையில்லை. பிளாட்டினத் தகட்டைச் சுடரில் காட்டி, முதலில் தூய நீரை அளப்பேன். 25 டிகிரியில் 72.0 வராவிட்டால் அன்றைய வேலை அங்கேயே நிற்கும். உண்மையான தொல்லை தருவது மாதிரிதான். சோடியம் டோடெசில் சல்பேட் நீரில் மெல்லச் சிதைந்து டோடெக்கனால் என்ற ஆல்கஹாலைத் தருகிறது. அது மிகச் சிறிதளவே இருந்தாலும் பரப்பில் முந்திக்கொண்டு குடியேறிவிடும். சோப்பு மூலக்கூறுகள் கரைசலுக்குள் ஒன்றுகூடும் சிறு திரள்களான மைசெல்கள் உருவாகும் செறிவை (சுமார் 8.2 மில்லிமோலார்) நெருங்கும்போது வளைவில் ஒரு பள்ளம் விழும், அதைத் தாண்டியதும், டோடெக்கனாலை மைசெல்கள் உள்ளிழுத்துக்கொள்வதால் இழுவிசை மீண்டும் ஏறும். அந்த ஏற்றத்தில் சமன்பாட்டைப் போட்டால் எதிர்க்குறி மிகை வரும். சோப்பு பரப்பை விட்டு விலகுகிறது என்ற அந்த விடைக்குப் பொருளே இல்லை. எத்தனாலில் பலமுறை மறுபடிகமாக்கி, கரைசலை அன்றன்றே தயாரித்தால் பள்ளம் மறைந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. மைசெல் உருவான பிறகு வளைவு தட்டையாவதைப் பார்த்து, பரப்பில் எதுவும் இல்லை என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். பரப்பு அங்கே நிரம்பியே இருக்கிறது. புதிதாகச் சேர்ப்பதெல்லாம் மைசெல்லுக்குள் போய்விடுவதால், தனி அயனிகளின் வினைத்திறன், அதாவது செயலளவிலான செறிவு, அதிகம் மாறுவதில்லை.

இரண்டு புள்ளிகளை வைத்துக் கணக்கிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொன்றிலும் 0.3 பிழை எதிரெதிர்த் திசையில் விழுந்தாலே விடை 5 விழுக்காடு பிசகும். மைசெல் செறிவுக்குக் கீழே நெருக்கமாகப் பல புள்ளிகள் எடுத்து, இருபடி வளைவைப் பொருத்தி, அதன் தொடுகோட்டிலிருந்தே சரிவைக் கணக்கிடுங்கள்.