டெலிவரி ஐடியை மூடும் முன் கையிருப்புக் கணக்கைப் பாருங்கள்: எனக்கு 3,280 ரூபாய் சிக்கிய கதை

கோவையில் மூன்று வருடம் சாப்பாடு டெலிவரி ஓட்டினேன். வேறு வேலை கிடைத்ததும் ஐடியை மூடினேன். மூடிய முறையில் ஒரு தப்பு செய்துவிட்டேன். இதே வேலையில் இருப்பவர்கள் அதைச் செய்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

எங்களுக்குத் திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம். அந்தக் காசு அடுத்த புதன்கிழமை பேங்குக்கு வரும். கடைசியாக முழுதாக ஓட்டிய வாரத்துக்கு 5,310 ரூபாய் வர வேண்டியிருந்தது. அதற்கடுத்த திங்கள், செவ்வாய் ஓட்டியதில் 1,420. கஸ்டமர்களிடம் ரொக்கமாக வாங்கிய 1,860 ரூபாய் ஆப்பில் 'கேஷ் இன் ஹேண்ட்' என்று நின்றது. அது கம்பெனி காசு, கட்டியாக வேண்டும். செவ்வாய் இரவு பதினொன்றரை மணிக்கு யுபிஐயில் கட்டினேன். பேங்கில் காசு போய்விட்டது, ஆப்பில் மட்டும் 'பெண்டிங்' என்று இருந்தது. காலையில் சரியாகிவிடும் என்று நினைத்துப் படுத்துவிட்டேன்.

புதன் காலை ஏழு மணிக்கு அதைத் திரும்பப் பார்க்காமலே 'அக்கவுண்ட் டெலிட்' அழுத்தினேன். மதியம் 3,450 ரூபாய் வந்தது. நான் ஏற்கனவே கட்டிய 1,860 ரூபாயைப் பாக்கி என்று பிடித்துவிட்டார்கள். அடுத்த புதன் 1,420 வர வேண்டும், வரவே இல்லை.

கேட்கலாம் என்றால் கேட்க இடமில்லை. புகார் டிக்கெட் போடும் இடம் ஆப்புக்குள்தான் இருக்கிறது. ஓடிபி போட்டால் இந்த நம்பர் பதிவாகவில்லை என்கிறது. புது ஆள் சேர்க்கும் ஆன்போர்டிங் ஆபீசுக்குப் போனேன். "புதுசா ஐடி போடுங்க அண்ணா, அப்புறம் பார்க்கலாம்" என்றார் அங்கிருந்த தம்பி. புது ஐடிக்குத் திரும்பவும் பணம் கட்ட வேண்டும், பழைய ஐடியின் கணக்கு அதில் வராது. அவருக்கும் அது தெரியும். என் பழைய டீம் லீடர் போனை எடுக்கவே இல்லை. மூன்று வருடம் மழையிலும் வெயிலிலும் ஓட்டியவனுக்கு இதுதான் மரியாதை.

அந்த எரிச்சலில் நெட்டில் கஸ்டமர் கேர் நம்பர் தேடி ஒன்றைக் கூப்பிட்டேன். எடுத்தவர் நன்றாகத் தமிழ் பேசினார். "பணத்தை ரிலீஸ் பண்றேன், ஒரு ஆப் போடுங்க, ஸ்கிரீனைக் காட்டுங்க" என்றார். யுபிஐ பின் போடச் சொன்னபோது போனை வைத்துவிட்டேன். நமக்குக் காசு வர யுபிஐ பின் நம்பர் போடத் தேவையே இல்லை. அப்படிப் போட்டு ஏமாந்திருந்தால் நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

கடைசியில் எனக்கு உதவியது பேங்க் ஸ்டேட்மெண்ட்தான். செவ்வாய் இரவு கட்டிய வரியில் 12 இலக்க யுபிஐ ரெஃபரன்ஸ் எண் இருந்தது. அதையும் தேதி, நேரம், தொகையையும் எழுதி, கம்பெனி வெப்சைட்டில் போட்டிருந்த குறைதீர் அதிகாரியின் மெயிலுக்கு அனுப்பினேன். முதல் இரண்டு முறை தானியங்கிப் பதில். மூன்றாவது முறை ஸ்டேட்மெண்ட் பிடிஎஃப்பையும் சேர்த்தேன். ஆறு வாரம் கழித்து 1,860 ரூபாய் திரும்பியது.

1,420 இன்னும் வரவில்லை. அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. எந்த நாளில் எத்தனை ஆர்டர், எவ்வளவு காசு என்பதெல்லாம் ஆப்புக்குள் இருந்தது, ஐடியோடு சேர்ந்து போய்விட்டது. வாரக் கணக்குப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் இந்தப் பாடு இல்லை. இப்போது நான் நம்பியிருப்பது வருமான வரித்துறையின் `Form 26AS`. எங்கள் வருமானத்தில் ஒரு சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள், பான் எண்ணில் அது பதிவாகும். அந்த 1,420க்கும் வரி பிடித்ததாக அதில் காட்டியிருந்தால், அந்தக் காசு எனக்கு உரியது என்று கம்பெனியே ஒப்புக்கொண்ட மாதிரிதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கு ஏறும் என்பதால் காத்திருக்கிறேன்.

தொழிலாளர் ஆபீசிலும் கேட்டேன். நீங்கள் பார்ட்னர், சம்பளக்காரர் இல்லை, அதனால் சம்பளப் பாக்கி வழக்காக எடுக்க முடியாது என்றார்கள். எங்களைப் போல ஆப் வழியாக வேலை செய்யும் கிக் தொழிலாளர்களுக்கென்று 2023இல் தமிழக அரசு அறிவித்த நல வாரியம் விபத்து மாதிரியான உதவிகளுக்குத்தான், பாக்கி வசூலிக்க அல்ல.

விலகப் போகிறவர்கள் ஞாயிறு இரவோடு ஓட்டத்தை நிறுத்துங்கள், வாரம் பாதியில் நிற்காது. கையிருப்பு ரொக்கத்தைக் கட்டி, ஆப்பில் பூஜ்யம் காட்டுகிற வரை காத்திருங்கள். வாரக் கணக்கை, முடிந்தால் கடைசி மூன்று மாதத்துக்கும், போட்டோ எடுத்து வையுங்கள். புதன்கிழமைக் காசு பேங்கில் ஏறிய பிறகு டெலிட்டைத் தொடுங்கள். அதுவரை ஐடி சும்மா கிடக்கட்டும், ஆஃப்லைனில் இருந்தால் ஒரு நஷ்டமும் இல்லை.

நான் இந்த வாரம் கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் போட்டிருக்கிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுப்பேன்.