இராமேசுவரத்தில் திதி கொடுக்கப் போகிறவர்கள் கவனத்திற்கு

தந்தையார் காலமான பிறகு வந்த முதல் தை அமாவாசைக்கு அம்மாவுடன் இராமேசுவரம் சென்றிருந்தேன். பேருந்து நிலையத்தில் இறங்கியதுமே ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய் என்று பேசி, ஒரு புரோகிதரிடம் ஒப்படைத்தார்.

முதல் பிழை வரிசையில் நேர்ந்தது. அக்னி தீர்த்தக் கடலில் முழுகி, கரையில் சங்கல்பமும் தர்ப்பணமும் பிண்ட தானமும் முடித்து, பிண்டங்களைக் கடலில் கரைத்து மீண்டும் முழுகிய பிறகே கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களுக்குப் போவது வழக்கம். அதன்பின் உலர்ந்த துணி மாற்றிக்கொண்டு சுவாமி தரிசனம் செய்ய வேண்டும். அந்தப் புரோகிதரோ, கூட்டம் சேர்வதற்குள் முடித்துவிடலாம் என்று சொல்லி, எங்களை முதலில் தீர்த்தக் கிணறுகளுக்கே அனுப்பிவிட்டார்.

அதைவிட மனம் நொந்தது கரையில்தான். ஏழு குடும்பங்களை ஒன்றாக உட்கார வைத்து, கோத்திரத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, மந்திரத்தை வேகமாகச் சொல்லத் தொடங்கினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே எள்ளும் தண்ணீரும் வழிந்துகொண்டிருந்தபோது இறந்த தாயைக் குறிக்கும் "மாத்ரூ" என்ற சொல் காதில் விழுந்து, கை அப்படியே நின்றுவிட்டது. என் அம்மா எனக்குப் பின்னால், துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தாய் உயிரோடு இருப்பவர், அந்த வர்க்கத்தைப் பாட்டியிலிருந்து தொடங்கி கொள்ளுப்பாட்டி, எள்ளுப்பாட்டி என்றுதான் சொல்ல வேண்டும். யார் இருக்கிறார், யார் இல்லை என்று கேட்காமல் இதைச் செய்யவே முடியாது. முன்னால் வைத்த பிண்டங்களிலும் மணல் ஒட்டியிருந்தது. பச்சரிசி மாவை எங்கள் எதிரில் யாரும் பிசையவும் இல்லை, உருட்டவும் இல்லை. எழுந்திருக்கும் முன்பே, கோதானத்துக்கும் தில ஹோமத்துக்கும் என்று மேலும் 3,500 ரூபாய் கேட்டார். "கொடுக்காமல் போனால் பித்ருக்கள் பசியோடு திரும்புவார்கள், அம்மா" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா அழுதுகொண்டே பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள், ஊரில் எங்கள் குடும்பப் புரோகிதரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் சொன்ன ஒருவரிடம் மறுபடியும் செய்தோம். அவர் மந்திரம் தொடங்குவதற்கு முன் ஒரு தாளை நீட்டி, அப்பா வழியிலும் அம்மா வழியிலும் மூன்று தலைமுறைப் பெயர்களை எழுதச் சொன்னார். அம்மாவைப் பார்த்துவிட்டு, பாட்டி பெயரிலிருந்து எழுதும்படி அவரே திருத்தினார். தர்ப்பணம் மட்டுமா, பிண்டம் வைத்துச் சிராத்தமா, ஹோமமும் உண்டா என்று தனித்தனியே கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தட்சிணையை முன்கூட்டியே சொன்னார். மாவும் எள்ளும் கலந்து எங்கள் கையாலேயே பிண்டம் உருட்டினோம்.

போகும் முன் அந்தப் பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி எடுத்துச் செல்லுங்கள். கரையில் உங்களைச் சந்திக்கும் புரோகிதர் அந்தத் தாளைக் கேட்கவில்லை என்றால், கடலில் முழுகுவதற்கு முன்பே வேறு ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.