பீட்டா ஏறிவிட்டதா? பழைய வருமானம் சொல்வதும் இன்றைய கையிருப்பு சொல்வதும்

நிஃப்டி 50 ஒரு சதவீதம் நகர்ந்தால் நம் போர்ட்ஃபோலியோ சராசரியாக எத்தனை சதவீதம் நகர்கிறது என்பதுதான் பீட்டா. 0.90 போதும் என்று திட்டமிட்ட ஒருவர், 1.00-ஐத் தொட்டதும் எச்சரிக்கை வரவேண்டும் என்று நினைக்கிறார். எந்த பீட்டாவைப் பார்த்து எச்சரிப்பது? கணக்கிட இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழியில், போர்ட்ஃபோலியோவின் கடந்த 52 வார வருமானத்தை நிஃப்டியின் வார வருமானத்தோடு வைத்துச் சாய்வைக் கணக்கிடுகிறோம். இரண்டாவதில், இன்று கையில் உள்ள ஒவ்வொரு பங்கின் பீட்டாவையும் அதன் இன்றைய மதிப்பால் எடையிட்டுச் சராசரி எடுக்கிறோம். விரிதாளில் இரண்டும் ஒவ்வொரு வரிதான்:

```
=SLOPE(C3:C54, D3:D54)
=SUMPRODUCT(F2:F5, G2:G5)/SUM(F2:F5)
```

முதல் வரியில் C நம் வருமானம், D நிஃப்டி; இரண்டாவதில் F இன்றைய மதிப்பு, G பீட்டா. C-யையும் D-யையும் இடம் மாற்றிப் போட்டாலும் ஒரு எண் வரும், பிழை காட்டாது. ஆனால் அது பீட்டா அல்ல; பெரும்பாலும் அதைவிடக் குறைவாக இருந்து வீண் நிம்மதி தரும்.

ஒரு கற்பனைக் கணக்கு. மொத்தம் 10 லட்சம்: எஃப்எம்சிஜி பங்குகள் 4 லட்சம் (பீட்டா 0.6), வங்கி 4 லட்சம் (1.1), உலோகம் 1.5 லட்சம் (1.5), ரொக்கம் 50,000 (பூஜ்யம்). எடையிட்ட பீட்டா 0.905. ஓராண்டில் உலோகம் இரட்டிப்பாகி 3 லட்சம், வங்கி 4.8 லட்சம், எஃப்எம்சிஜி சற்றே இறங்கி 3.7 லட்சம். ரொக்கம் அப்படியே. மொத்தம் 12 லட்சம், பீட்டா சரியாக 1.00. ஒரு பங்குகூட வாங்கவில்லை, விற்கவில்லை. விலை நகர்ந்ததே போதுமாக இருந்தது.

இதே நாளில் முதல் வழி ஏறக்குறைய 0.95 காட்டும். ஓராண்டில் எடைகள் மெல்ல மாறியதால், அந்த ஆண்டின் சராசரிப் போர்ட்ஃபோலியோவைத்தான் அது அளக்கிறது. இன்னும் மோசமான நிலை: போன வாரம் எஃப்எம்சிஜியில் 1.2 லட்சத்துக்கு விற்று உலோகம் வாங்கினார் என்று வையுங்கள். இரண்டாவது வழி உடனே 1.09 என்று காட்டும். முதல் வழிக்கோ 52 புள்ளிகளில் ஒன்றுதான் புதியது. அது அசையவே அசையாது.

தாமதம் மட்டுமல்ல, துல்லியமும் சிக்கல். நம் ஏற்ற இறக்கத்தில் 70 சதவீதத்தை நிஃப்டி விளக்குகிறது, அதாவது R² 0.7 என்றால் 52 வாரத் தரவில் 0.95-இன் திட்டப்பிழை சுமார் 0.09. அதைப்போல் இரு மடங்கை இருபுறமும் வைத்தால், உண்மை அளவு 0.77 முதல் 1.13 வரை எங்கும் இருக்கலாம். இதை வைத்து 1.00-இல் மணி அடித்தால் பல நேரம் இரைச்சலுக்குத்தான் அடிக்கும். இடையில் போட்ட பணத்தையும் வருமானமாக எண்ணிவிட்டால் அந்த வாரப் புள்ளி முழுக்கப் பொய்.

இரண்டாவது வழியும் குறையற்றதல்ல. அதன் பலம் பங்குகளின் பீட்டாக்களைப் பொறுத்தது. ஒரு தளத்தில் தினசரித் தரவு, இன்னொன்றில் மாதத் தரவு, ஒன்றில் நிஃப்டி 50, இன்னொன்றில் சென்செக்ஸ். சில இடங்களில் மூன்றில் இரு பங்கு கச்சா பீட்டாவும் மூன்றில் ஒரு பங்கு 1-உம் கலந்த 'திருத்திய' எண் இருக்கும், 1.5 அங்கே 1.33 ஆகிவிடும். கலந்து எடுத்தால் கூட்டல் அர்த்தமிழக்கும். வர்த்தகம் குறைவான சிறு நிறுவனப் பங்குகளில் இன்னொரு பொறி: சந்தை இன்று நகர்ந்தால் அவற்றின் விலை நாளைதான் பிடிக்கும். அதனால் தினசரித் தரவில் பீட்டா செயற்கையாகக் குறையும். எல்லாப் பங்குக்கும் ஒரே குறியீடு, ஒரே காலம், வாரத் தரவு என்று நாமே கணக்கிடுவதுதான் நல்லது.

எச்சரிக்கைக்கு என் தேர்வு இரண்டாவது வழி. பங்கு பீட்டாக்களைக் காலாண்டுக்கு ஒருமுறை மட்டும் புதுப்பித்து, நடுவில் மாற்றாமல் வைக்கிறேன். அப்போது எண் ஏறினால் காரணம் எடை மாற்றம் மட்டுமே என்று தெரியும். தொடர்ந்து இரண்டு வெள்ளிக்கிழமை 1.00-ஐத் தொட்டால் எச்சரிக்கை, 0.95-க்குக் கீழே இறங்கினால்தான் அது அணையும். ஒரே எல்லையை வைத்தால், கோட்டின் மேலும் கீழும் ஊசலாடி, சீக்கிரமே அறிவிப்பைப் பார்க்காமலேயே தள்ளிவிடப் பழகிவிடுவோம்.

முதல் வழியை நான் தூக்கி எறியவில்லை, காலாண்டுச் சோதனைக்கு வைத்திருக்கிறேன். ஓராண்டாக எடைகள் பெரிதாக மாறாதபோதும் இரண்டு எண்களும் 0.2 அளவுக்கு விலகினால், பங்கு பீட்டாக்களில் ஏதோ தவறு என்று தேடத் தொடங்குவேன்.

எச்சரிக்கை வந்தபின் என்ன செய்வது என்பதற்கும் இரண்டாவது வழியே பதில் தருகிறது. 1.09-ஐ 0.95-க்கு இறக்க வேண்டுமென்றால் 0.14-ஐ 12 லட்சத்தால் பெருக்கி, உலோகத்தின் 1.5-ஆல் வகுக்கவும். 1.12 லட்சத்துக்கு உலோகத்தை விற்று ரொக்கமாக வைத்தால் போதும். வங்கிப் பங்கை விற்றால் அதே இறக்கத்துக்கு 1.53 லட்சம் விற்க வேண்டியிருக்கும்.