பங்க் ஸ்டாக்கில் குறைவு: ஒருநாள் வரம்பா, தொடர்கூட்டலா?

காலை ஆறு மணிக்கு டேங்கில் அளவுகோலை இறக்கி டிப் எடுத்ததும், கணக்கைவிட இருப்பு குறைவாகத் தெரிந்தால் அதை எப்போது சந்தேகிப்பது? பங்க்குகளில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. அன்றைய வித்தியாசம் ஒரு வரம்பைத் தாண்டினால் விசாரிப்பது ஒன்று. தினசரி வித்தியாசங்களைக் கூட்டிக்கொண்டே போய், அந்தத் தொகை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பது இன்னொன்று.

எடுத்துக்காட்டாக, 20,000 லிட்டர் பெட்ரோல் டேங்கில் தொடக்க இருப்பு 9,840. அன்று லோடு வரவில்லை. மீட்டர்படி போனது 3,020 லிட்டர். அதில் நான்கு நாசில்களிலும் ஐந்தைந்து லிட்டர் டெஸ்டிங் பிடித்து டேங்கிலேயே திரும்ப ஊற்றிய 20 லிட்டரைக் கழிக்க வேண்டும். இதை மறந்தால் இல்லாத ஒரு வித்தியாசம் கணக்கில் வந்து நிற்கும். விற்பனை 3,000, கணக்குப்படி இருப்பு 6,840. டிப் காட்டுவது 6,805. குறைவு 35 லிட்டர்.

படுக்கை உருளை டேங்கின் நடுப்பகுதியில் ஒரு மில்லிமீட்டர் என்பது சுமார் 12 லிட்டர். டிப் ராடை மூன்று மில்லிமீட்டர் தவறாகப் படித்தாலே 35 லிட்டர் போய்விடும். அதனால் ஒருநாள் வரம்பை 40 லிட்டருக்குக் கீழே வைத்தால் தேவையில்லாமல் ஊழியர்களைச் சந்தேகிக்க நேரும். 40 என்றே வைத்தால், தினமும் 15 லிட்டர் போவது கண்ணில் படாது.

தொடர்கூட்டலின் பலம் இங்கேதான். இன்றைய இறுதி டிப்தான் நாளைய தொடக்க இருப்பு. இன்று 20 லிட்டர் குறைத்துப் படித்திருந்தால், நாளை அதே 20 கூடுதலாகத் திரும்பி வரும். படித்த பிழை இப்படிக் கழிந்துவிடும், உண்மையான இழப்பு கழியாது. நான்கு நாள் வித்தியாசம் −35, +20, −35, 0 என்றால் ஒருநாள் வரம்பு வாய் திறக்காது. கூட்டினால் −50. இதே போக்கில் முப்பதாம் நாள் 375 லிட்டரை ஒட்டி நிற்கும்.

அந்தத் தொகை எப்போது இறங்குகிறது என்பதும் காரணத்தைக் காட்டும். லோடு வரும் நாளில் மட்டும் இறங்கினால் லாரியைப் பார்க்க வேண்டும். ஆனால் வெயிலில் சூடேறி வந்த 12,000 லிட்டர், டேங்கில் 5 டிகிரி குளிர்ந்தாலே ஏறத்தாழ 60 லிட்டர் சுருங்கும். அதைக் கழிக்காமல் ஓட்டுநரைக் குற்றம் சொல்வது அநியாயம். விற்பனை கூடும் நாளில் அதிகம் இறங்கினால் நாசில் கூடுதலாகக் கொடுக்கிறது. 5 லிட்டருக்கு 25 மி.லி. கூடினால் 3,000 லிட்டருக்கு 15 லிட்டர் ஆகிவிடும். அதைத் திருத்த எடையளவுத் துறை முத்திரையை உடைக்க வேண்டும் என்பதால் உரிமையாளர் தாமாகத் தொடக் கூடாது. விற்பனையே இல்லாத இரவிலும் டிப் இறங்கினால் கசிவைத் தேட வேண்டும்.

ஒரே இரவில் 200 லிட்டர் எடுத்துவிட்டால் ஒருநாள் வரம்புதான் மறுநாளே சொல்லும். அதற்காக அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை மட்டுமே எழுத நேரமிருந்தால் நான் தொடர்கூட்டலைத்தான் எழுதுவேன், மாதம் பிறந்ததும் அதைச் சுழியாக்கவும் மாட்டேன்.