அட்டையில் ஒரு வரியா, ஆளிடம் ஒரு கேள்வியா?

ஆன்லைன் சேலைக் கடைகள் சில, பார்சலுக்குள் ஓர் அட்டை வைக்கின்றன: "சேலை கட்டிய படத்தை எங்கள் ஹேஷ்டேக்கோடு போடுங்கள், நாங்களும் பகிர்வோம்." படம் வரவழைக்க இது நல்ல வழி. ஆனால் ஹேஷ்டேக் போட்டவர் அந்த வரியைப் படித்தாரா என்பது தெரியாது. படத்தின் உரிமையும் பொதுவாக எடுத்தவருக்கே.

படத்தைப் பகிர அனுமதி வாங்க இன்னொரு வழி, வாடிக்கையாளருக்கே செய்தி அனுப்பிக் கேட்பது: "அக்கா, மஞ்சள் சேலைப் படத்தை எங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடலாமா? உங்களை டேக் செய்யலாமா? பக்கத்தில் நிற்கும் பாப்பாவை வெட்டிவிடவா?" சிலர் பதிலே தர மாட்டார்கள், அப்போது போடக் கூடாது. மெதுவான வேலைதான், ஆனாலும் என் தேர்வு இதுதான். "சரி" என்ற பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்புறம் அதே படத்தைக் காசு கட்டி விளம்பரமாக ஓட்டுவதானால், மறுபடியும் கேளுங்கள்.