விபத்துக்குப் பின் வண்டியைத் தொடாத ஓட்டுநர்: எந்தச் சிகிச்சை பொருந்தும்?

ஓர் உதாரணம் சொல்கிறேன். குடியாத்தத்துக்காரர், வயது 38, சின்ன யானை ஓட்டுபவர். பள்ளிகொண்டா அருகே நெடுஞ்சாலை ஓரத்தில் விளக்கில்லாமல் நின்ற லாரி மீது இரவில் மோதிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சினன் அங்கேயே இறந்துபோனான். அது நடந்து ஆறு மாதம் ஆகிறது. டீசல் வாடை வந்தால் அந்த இரவே திரும்பக் கண்முன் நிற்கிறது. வண்டியைத் தொடுவதில்லை, பள்ளிகொண்டா வழியாகப் போகும் பஸ்ஸில்கூட ஏறுவதில்லை. கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வெடிச்சத்தத்தில் தூக்கிவாரிப் போடுகிறது. மனைவி, பிள்ளைகளிடம் பேச்சு இல்லை. "டீ குடிக்க நிறுத்தியிருந்தா அவன் இருந்திருப்பான்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

நினைவு துரத்துவது, தவிர்ப்பது, எண்ணமும் மனநிலையும் கெடுவது, உடல் எப்போதும் உஷாராகவே இருப்பது ஆகிய நான்கும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால், அது பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு. "பயந்துட்டான்" என்று வீட்டில் மந்திரித்துத் தாயத்துக் கட்டுவார்கள். ஆறுதலுக்கு அது இருக்கட்டும். கூடவே சிகிச்சையும் வேண்டும்.

வலுவான ஆதாரம் உள்ள பேச்சுச் சிகிச்சைகளில் இரண்டை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒன்று, உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல். வாரம் ஒரு முறை, சுமார் ஒன்றரை மணி நேரம், 8 முதல் 15 அமர்வுகள். கண்ணை மூடி, அந்த இரவை இப்போது நடப்பதுபோல் சொல்ல வேண்டும். அதை ஒலிப்பதிவு செய்து வீட்டில் தினமும் கேட்க வேண்டும். இன்னொரு பக்கம், பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு ஒரு படிக்கட்டு தயாராகும். நிறுத்திய வண்டியில் இன்ஜினை ஓடவிட்டு உட்காருவது 30, பகலில் பள்ளிகொண்டாவுக்கு பஸ்ஸில் போவது 50, விபத்து நடந்த இடத்தில் பகலில் நிற்பது 70, இரவில் தானே ஓட்டுவது 90. ஒவ்வொரு படியிலும் பயம் பாதியாகக் குறையும்வரை, அல்லது அரை முதல் முக்கால் மணி நேரம், இருக்க வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடிவிட்டால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்றே மனம் கற்றுக்கொள்ளும். போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அதே தவறுதான். முதல் சில வாரங்களில் சிலருக்குத் தூக்கமும் நினைவும் மோசமாகும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பாதியில் விட்டுவிடுவார்கள்.

மற்றொன்று, உளவியலாளர் பட்ரீசியா ரெசிக்கின் எண்ணச் சீரமைப்பு. சுமார் 12 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். சம்பவத்தை விரிவாகச் சொல்வதை விட, அதிலிருந்து மனம் எடுத்த முடிவைச் சோதிப்பதே இதன் வேலை. நம் ஓட்டுநரிடம் இப்படிப் போகும்:

"அன்னிக்கு அங்க விளக்கில்லாம லாரி நிக்குதுன்னு உங்களுக்கு முன்னமே தெரியுமாண்ணே?"

"தெரியாதுங்க சார்."

"தெரிஞ்சிருந்தா?"

"ஓரமா போட்டிருப்பேன்."

இன்று தெரிந்ததை வைத்து அன்றைய தன்னைத் தண்டிக்கிறார் என்பதை அவரே கண்டுபிடிக்க வேண்டும். "உன் தப்பில்லப்பா" என்று பிறர் எத்தனை முறை சொன்னாலும் அது ஏறாது. எழுத்துப் பயிற்சிகள் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஆகாதே என்று தயங்க வேண்டாம். காங்கோவில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு இதையே எழுத்து தேவைப்படாத வகையில் மாற்றி, குழுவாக நடத்தி நல்ல பலன் கண்டதை 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது.

எது மேல்? அமெரிக்காவில் 916 முன்னாள் படைவீரர்களிடம் இரண்டையும் ஒப்பிட்டு, 2022-ல் முடிவுகள் வெளியாயின. எதிர்கொள்ளல் சற்றே முந்தியது. ஆனால் நோயாளி உணரும் அளவு வித்தியாசமில்லை. பாதியில் விலகியோர் எதிர்கொள்ளலில்தான் கொஞ்சம் அதிகம். எனவே அந்த நபரை அதிகம் வாட்டுவது எது என்று பார்த்தே நான் தேர்வு செய்வேன். பயமும் தவிர்ப்பும் என்றால் எதிர்கொள்ளல். குற்றவுணர்வு என்றால் எண்ணச் சீரமைப்பு. இவருக்கு இரண்டாவதைத் தொடங்கி, வண்டியில் ஏறும் படிகளைப் பிறகு சேர்க்கச் சொல்வேன்.

கண்ணசைவு மூலம் செய்யும் ஈ.எம்.டி.ஆர். சிகிச்சைக்கும் நல்ல ஆதாரம் உண்டு. கண்ணசைவுக்கே பலன் இருக்கிறதா என்பதில்தான் விவாதம். விரிவாகப் பேச மறுப்பவருக்கு இது எளிது.

மாத்திரைகளில் செர்ட்ரலைன், பராக்ஸிடின், வென்லாஃபாக்சின் உதவுகின்றன. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக்கூடாது. பேச்சுச் சிகிச்சை கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. கிடைக்காத ஊரிலும், மனச்சோர்வும் சேர்ந்த நிலையிலும் மாத்திரை கைகொடுக்கும். ஆனால் மெடிக்கலில் வாங்கிப் போடும் அல்ப்ரசோலம் போன்ற மாத்திரைகளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அவை அன்றிரவு தூங்க வைக்கும், பி.டி.எஸ்.டி.யைக் குணப்படுத்தாது, பழக்கமாகிவிடும்.

வேலூர்ப் பக்கம் என்றால், பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையமும், அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. போனில் பேச அரசின் மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை. சிகிச்சை தருபவரிடம், எந்த முறை, எத்தனை அமர்வு, வீட்டில் என்ன பயிற்சி என்று கேளுங்கள். பி.டி.எஸ்.டி.யின் தீவிரத்தை அளக்கும், 20 கேள்விகள் கொண்ட பி.சி.எல்.-5 அளவீட்டைத் தொடக்கத்திலும் இடையிலும் எடுக்கச் சொல்லுங்கள். 80-க்கு 52 என்று தொடங்கியவர் ஆறேழு அமர்வுக்குப் பின் 42-க்குக் கீழ் வராவிட்டால், வீட்டுப் பயிற்சி நடக்கிறதா, முறையை மாற்றலாமா என்று பேச வேண்டிய நேரம் அது.